அக்கவுண்டில் மைனஸ் காட்டுகிறதா? அந்தக் கணக்கைப் பிரித்துப் பார்ப்போம்

"அண்ணா, என் பழைய பேங்க் அக்கவுண்ட்ல மைனஸ் 1,205னு காட்டுது. நான் எந்தக் கடனும் வாங்கலையே?"

திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் என் சித்தி மகன் ஒருநாள் இரவு அனுப்பிய செய்தி இது. கூடவே மொபைல் ஆப்பின் படம். அதில் சிவப்பு எழுத்தில் −1,205.00. மறுநாள் அவனுடன் வேலை செய்பவர்களிடம் கேட்டிருக்கிறான். "கட்டலைன்னா வட்டி ஏறிட்டே போகும்" என்றார் ஒருவர். "கண்டுக்காத, அதுவே செத்துப் போயிடும்" என்றார் இன்னொருவர். "சிபில் போயிடும்" என்று மூன்றாமவர் பயமுறுத்தினார். மூன்று பேரும் நல்லெண்ணத்தில்தான் சொன்னார்கள். ஆனால் மூன்றுமே சரியில்லை.

இந்தக் கட்டுரை சேமிப்புக் கணக்கைப் பற்றியது, அதிலும் இந்திய வங்கிகளின் சாதாரண சேமிப்புக் கணக்கைப் பற்றியது. வியாபாரிகள் வைத்திருக்கும் நடப்புக் கணக்கும் ஓவர் டிராஃப்ட் வசதியும் வேறு வகை. அங்கே மைனஸ் என்றால் உண்மையிலேயே வங்கி கொடுத்த கடன், அதற்கு வட்டியும் உண்டு.

## அண்ணாச்சி கடை நோட்டு

மளிகைக் கடையில் பற்று வைத்து வாங்கிப் பழகியவர்களுக்கு இது எளிதில் புரியும். உங்கள் சட்டைப் பையில் ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். பை காலியாக இருக்கலாம், ஆனால் பைக்குள் "மைனஸ் 200 ரூபாய்" இருக்க முடியாது. அண்ணாச்சியின் நோட்டில் உங்கள் பெயருக்கு எதிரே "பாக்கி 200" என்று இருக்கலாம். பையும் நோட்டும் இரண்டு வேறு இடங்கள்.

சேமிப்புக் கணக்கிலும் இதேபோல இரண்டு எண்கள் உண்டு. ஒன்று, கணக்கில் உண்மையில் இருக்கும் பணம். இதைக் கணக்கு இருப்பு என்போம். இன்னொன்று, அதிலிருந்து நீங்கள் இப்போது எடுக்கக்கூடிய பணம். இதற்குப் பெயர் எடுக்கத்தக்க இருப்பு. பெரும்பாலான நாட்களில் இரண்டும் ஒன்றாகவே இருப்பதால் நாம் கவனிப்பதில்லை.

வங்கி உங்களிடம் வாங்க வேண்டிய கட்டணம் 300 ரூபாய், ஆனால் கணக்கில் ஒன்றும் இல்லை என்றால், அந்த 300 ரூபாயை அது "பிடித்தம்" என்று குறித்து வைக்கும். வங்கிக்காரர்கள் இதை லியன் என்பார்கள். கணக்கு இருப்பு 0, லியன் 300. ஆப் இரண்டையும் கழித்து எடுக்கத்தக்க இருப்பை −300 என்று காட்டும். அதாவது, ஆப்பில் தெரிவது பை இல்லை. பையிலிருந்து நோட்டைக் கழித்த விடை.

என் தம்பியின் −1,205 இந்த வகைதான். அதை எப்படிக் கண்டுபிடித்தோம் என்றால், ஆப்பை விட்டுவிட்டு ஸ்டேட்மெண்டைத் திறந்தோம். ஸ்டேட்மெண்டில் கடைசி வரியின் இருப்பு 0.00 என்று இருந்தது. அங்கே 0, ஆப்பில் மைனஸ் என்றால் அது லியன். ஸ்டேட்மெண்டிலேயே இருப்புக்குப் பக்கத்தில் `Dr` என்றோ மைனஸ் குறியோடோ இருந்தால், வங்கி உங்கள் கணக்கைப் பூஜ்யத்துக்குக் கீழே உண்மையிலேயே இறக்கியிருக்கிறது என்று பொருள். சாதாரணமாக அங்கே `Cr` என்று இருக்கும். இந்த வித்தியாசத்தை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பின்னால் எழுதப்போகும் கடிதத்தில் எதைக் கேட்பது என்பது இதைப் பொறுத்தது.

இதுவரை பார்த்தது: மைனஸ் என்பது நீங்கள் கைநீட்டி வாங்கிய கடன் இல்லை, வங்கி வசூலிக்க முடியாமல் நிற்கும் கட்டணம். ஆப்பும் ஸ்டேட்மெண்டும் வேறு வேறு எண்ணைக் காட்டலாம்.

## 412 ரூபாய் எப்படி −1,205 ஆனது

அவனுடைய பழைய கம்பெனி ஒரு வங்கியில் சம்பளக் கணக்கு திறந்து கொடுத்திருந்தது. சம்பளக் கணக்கில் பொதுவாகக் குறைந்தபட்ச இருப்பு வைக்கத் தேவையில்லை. அவன் வேலை மாறினான். புதுக் கம்பெனி வேறு வங்கியில் கணக்கு திறந்தது. பழையதில் 412 ரூபாய் கிடந்தது, அதை அப்படியே விட்டுவிட்டான்.

சில மாதங்கள் தொடர்ந்து சம்பளம் வரவில்லை என்றால் வங்கி அதைச் சாதாரண சேமிப்புக் கணக்காக மாற்றிவிடும். பல வங்கிகளில் இதற்கு மூன்று மாதம் கணக்கு. மாறியதும் அந்தக் கிளைக்குரிய குறைந்தபட்ச இருப்பு விதி பொருந்தும். அவனுக்கு அது 5,000 ரூபாய்.

இங்கே நிறையப் பேர் தவறாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. 5,000 என்பது மாதக் கடைசியில் இருக்க வேண்டிய தொகை இல்லை, மாதச் சராசரி. ஒவ்வொரு நாள் முடிவிலும் கணக்கில் இருக்கும் பணத்தைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். 30 நாள் மாதத்தில் 29 நாள் ஒன்றுமில்லாமல் வைத்திருந்து, கடைசி நாள் 5,000 போட்டால் சராசரி 167 ரூபாய்கூட இல்லை. "மாசக் கடைசில போட்டுடலாம்" என்று நினைத்து அபராதம் கட்டியவர்கள் ஏராளம்.

சரி, அவன் கணக்குக்கு வருவோம். அந்த வங்கியின் கட்டணப் பட்டியல்படி, எவ்வளவு குறைகிறதோ அதில் 6 சதவீதம் அபராதம், அதன்மேல் 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

முதல் மாதம் இருப்பு 412. குறைவது 4,588. அதில் 6 சதவீதம் 275, ஜி.எஸ்.டி. சேர்த்து 325 ரூபாய். அதை எடுத்ததும் மிச்சம் 87.

இரண்டாம் மாதம் முழுக்க 87 ரூபாய்தான். குறைவது 4,913. அபராதம் ஜி.எஸ்.டி.யோடு 348. கணக்கில் இருந்த 87ஐ எடுத்துக்கொண்டது வங்கி. மீதி 261 ரூபாய் லியன். பை காலி, நோட்டில் முதல் வரி விழுந்துவிட்டது.

மூன்றாம் மாதம் நடுவில், வருடத்துக்கு ஒரு முறை பிடிக்கும் காப்பீட்டு பிரீமியம் இந்தக் கணக்கைத் தேடி வந்தது. பல வருடம் முன்பு கையெழுத்துப் போட்டுக் கொடுத்த தானியங்கிப் பிடித்த ஆணை, அவனுக்கு நினைவே இல்லை. பணம் இல்லாததால் திரும்பிப் போனது. திரும்பியதற்கான கட்டணம் 500, ஜி.எஸ்.டி. 90, ஆக 590. மாதம் முடிந்ததும் குறைந்தபட்ச இருப்புக்கு இன்னொரு அபராதம். இருப்பே 0 என்பதால் முழு 5,000த்துக்கு 300, ஜி.எஸ்.டி.யோடு 354.

261, 590, 354. கூட்டினால் 1,205.

ஒரு விஷயத்தைப் பாருங்கள். அந்த மூன்று மாதத்தில் அவன் அந்தக் கணக்கைத் தொடவே இல்லை. இருப்பு குறையக் குறைய அபராதம் கூடிக்கொண்டே போகிறது. இது வட்டி இல்லை, ஆனால் அவனுடன் வேலை செய்பவர் "ஏறிட்டே போகும்" என்று சொன்னதன் பின்னணி இதுதான்.

அப்புறம்தான் உண்மையான அடி. ஒரு நண்பன் தான் வாங்கிய கைமாற்று 1,000 ரூபாயை என் தம்பியின் பழைய மொபைல் எண்ணுக்கு யு.பி.ஐ.யில் திருப்பி அனுப்பினான். அந்த எண்ணோடு இணைந்திருந்தது பழைய கணக்கு. பணம் வந்த வேகத்தில் வங்கி எடுத்துக்கொண்டது. 261 போனது, 590 போனது, 354இல் 149 போனது. ஆப்பில் இப்போது −205.

லியன் என்பது காத்திருக்கும் கை. எந்த வழியில் பணம் வந்தாலும் முதலில் அது எடுத்துக்கொள்ளும். 2023 செப்டம்பர் 15இல் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியபோது இதே சிக்கல்தான் எழுந்தது. பல ஆண்டுகளாகச் சும்மா கிடந்த கணக்குகளில் 1,000 ரூபாய் வந்து விழுந்ததும், சில வங்கிகள் பழைய கட்டணப் பாக்கிக்கு அதைக் கழித்துக்கொண்டதாகப் புகார்கள் வந்தன. அந்தத் தொகையில் கை வைக்கக் கூடாது என்று அப்போது மாநில நிதியமைச்சராக இருந்த தங்கம் தென்னரசு வங்கிகளை எச்சரித்தார். ஆயிரம் ரூபாயை எண்ணிக் காத்திருந்த ஒரு பெண்ணுக்கு ஏ.டி.எம். திரையில் அது இல்லாமல் போவது எவ்வளவு பெரிய விஷயம் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

## வங்கி இப்படிச் செய்யலாமா

குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போட வங்கிக்கு உரிமை உண்டு. ஆனால் அதற்கு ரிசர்வ் வங்கி எல்லை வகுத்திருக்கிறது. 2014 நவம்பர் 20 தேதியிட்ட சுற்றறிக்கை, 2015 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தது. அதில் நமக்கு வேண்டியவை மூன்று.

முதலாவது, இருப்பு குறைந்தால் வங்கி எஸ்.எம்.எஸ்., மின்னஞ்சல் அல்லது கடிதம் மூலம் சொல்ல வேண்டும். சொன்ன நாளிலிருந்து குறைந்தது ஒரு மாதம் அவகாசம் தந்த பிறகே அபராதம் எடுக்கலாம். இரண்டாவது, அபராதம் எவ்வளவு குறைகிறதோ அதற்கு ஏற்ற விகிதத்தில் இருக்க வேண்டும். 10 ரூபாய் குறைந்தவருக்கும் 5,000 குறைந்தவருக்கும் ஒரே தொகை போடக் கூடாது. மூன்றாவதுதான் முக்கியமானது: குறைந்தபட்ச இருப்பு இல்லை என்பதற்காகப் போடும் அபராதத்தால் மட்டுமே சேமிப்புக் கணக்கு மைனஸுக்குப் போகக் கூடாது.

"மட்டுமே" என்ற சொல்லைக் கவனியுங்கள். இந்தப் பாதுகாப்பு குறைந்தபட்ச இருப்பு அபராதத்துக்குத்தான். ஆணை திரும்பியதற்கான கட்டணம், ஏ.டி.எம். கார்டின் ஆண்டுக் கட்டணம், செக் புத்தகக் கட்டணம் போன்றவற்றுக்கு இது பொருந்தாது. அதனால் ஒரு மைனஸைப் பார்த்ததும் "ரிசர்வ் வங்கி தடை செய்திருக்கு" என்று மொத்தமாகச் சண்டைக்குப் போனால், கவுண்டரில் இருப்பவர் 590 வரியைக் காட்டி உங்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

வங்கிகள் லியன் வைப்பதன் காரணமும் இதில்தான் இருக்கிறது. ஸ்டேட்மெண்டில் இருப்பு 0க்குக் கீழே போகவில்லை, நோட்டில்தானே எழுதினோம் என்பது அவர்கள் வாதம். இல்லாத பணத்துக்கான அபராதத்தை நாளை வரும் பணத்தில் பிடிப்பதும் விதியின் நோக்கத்துக்கு எதிரானதுதான் என்பது என் வாதம். கேட்காதவர்களுக்கு இது தள்ளுபடி ஆவதில்லை. எழுத்தில் கேட்பவர்களுக்குப் பல நேரம் ஆகிறது.

சும்மா விட்டால் செத்துப்போகும் என்ற கருத்துக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடலாம். நீங்களாகப் பணம் போடுவது, எடுப்பது போன்ற எதுவும் இரண்டு ஆண்டுக்கு மேல் நடக்காவிட்டால் கணக்கு செயல்படாத கணக்காகும். வங்கி எடுக்கும் கட்டணமும் வங்கி போடும் வட்டியும் இதில் சேராது. 2024 ஏப்ரல் 1 முதல், செயல்படாத கணக்கில் குறைந்தபட்ச இருப்புக்கு அபராதம் போடக் கூடாது, அதை மறுபடி இயக்கவும் கட்டணம் வாங்கக் கூடாது. ஆக, ஏறுவது ஒரு கட்டத்தில் நிற்கும். ஆனால் அதற்கு முன் ஏறிய இரண்டு ஆண்டுப் பாக்கி நோட்டில் இருக்கும், நடுவில் தவறிவந்து விழும் எந்தப் பணத்தையும் அது எடுத்துக்கொள்ளும்.

சிபில் பயம்? சேமிப்புக் கணக்கு கடன் கணக்கு இல்லை, இந்த அபராதம் கடன் தவணையும் இல்லை. ஆனால் இதே கணக்கிலிருந்து வீட்டுக் கடனுக்கோ வண்டிக் கடனுக்கோ இ.எம்.ஐ. போகிறது என்றால் கதை வேறு. நீங்கள் போட்ட இ.எம்.ஐ. பணத்தில் லியன் தன் பங்கை எடுத்துக்கொள்ளும், மீதி போதாமல் தவணை திரும்பும், தவறிய அந்தத் தவணை சிபிலுக்குப் போகும். இப்படிப்பட்டவர்கள் தள்ளுபடிக்காகக் காத்திருக்காமல் முதலில் லியன் தொகையையும் சேர்த்துப் போட்டுவிடுங்கள். வாதத்தைப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

இதுவரை பார்த்தது: பாக்கியில் ஒவ்வொரு வரியும் எதற்கானது என்று பிரித்தால்தான், எதை மறுக்கலாம், எதைக் கட்ட வேண்டும் என்று தெரியும்.

## தீர்த்தது எப்படி

முதல் வேலை ஸ்டேட்மெண்ட். கடைசியாக இருப்பு நன்றாக இருந்த நாளிலிருந்து இன்று வரைக்கும் எடுத்தோம். வங்கியின் சுருக்கெழுத்துகள் கொஞ்சம் குழப்பும். `AMB CHRG` என்பது போல இருந்தால் மாதச் சராசரி இருப்புக்கான அபராதம், `NACH RTN` என்றிருந்தால் ஆணை திரும்பியது. எழுத்துகள் வங்கிக்கு வங்கி மாறும். புரியாத வரியைக் கவுண்டரில் கேட்டு, பென்சிலால் பக்கத்தில் எழுதிக்கொள்ளலாம்.

இன்னும் வசூலாகாத லியன் ஸ்டேட்மெண்டில் வராது. அதனால் அடுத்ததாகக் கிளைக்கு ஒரு மின்னஞ்சல். அவன் அனுப்பியது ஏறக்குறைய இப்படி:

"என் சேமிப்புக் கணக்கில் ரூ. 205 பிடித்தம் குறிக்கப்பட்டுள்ளது. இதுவரை எடுத்ததும் நிலுவையில் உள்ளதுமான கட்டணங்களைத் தேதி, காரணம், தொகை வாரியாகத் தரவும். குறைந்தபட்ச இருப்பு குறைந்ததாக எனக்கு அனுப்பிய அறிவிப்புகளின் தேதியையும் தெரிவிக்கவும். அந்த அபராதத்தால் கணக்கு எதிர்மறைக்குப் போகக் கூடாது என்ற ரிசர்வ் வங்கியின் 20.11.2014 சுற்றறிக்கைப்படி, இருப்பு இல்லாதபோது விதிக்கப்பட்ட ரூ. 261, ரூ. 354 இரண்டையும் நீக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

590ஐ அவன் மறுக்கவில்லை. ஆணையை நிறுத்தாமல் விட்டது அவன். முதல் மாதத்து 325ஐயும் கேட்கவில்லை, அப்போது கணக்கில் பணம் இருந்தது. அறிவிப்பு வரவே இல்லை என்று அதற்கும் வாதாடியிருக்கலாம். ஆனால் அவன் எண்ணை மாற்றியதை வங்கியில் பதியவில்லை, எஸ்.எம்.எஸ். பழைய சிம்முக்குப் போயிருந்தது. வங்கி பக்கம் குறிப்பு இருந்தது. இது பலருக்கும் நடப்பதுதான், எண்ணை மாற்றினால் சமையல் எரிவாயு இணைப்புக்குச் சொல்வது போல வங்கிக்கும் சொல்லிவிடுங்கள்.

கிளையிலிருந்து வந்த முதல் பதில், "விதிப்படிதான் எடுத்தோம்". உடனே வங்கியின் தலைமையகத்தில் புகார்களைக் கவனிக்கும் நோடல் அதிகாரிக்கு அதே மின்னஞ்சலை, கிளையின் பதிலோடு அனுப்பினான். அவர் முகவரி எல்லா வங்கிகளின் இணையதளத்திலும் குறைதீர்ப்புப் பகுதியில் இருக்கும். 19ஆம் நாள் கணக்கில் 410 ரூபாய் திரும்பி வந்தது. ஏற்கெனவே எடுத்திருந்த 261ம் 149ம் சேர்ந்த தொகை அது. மீதி 205 லியனும் நீங்கியது.

வங்கி 30 நாளில் பதிலே தராவிட்டால், அல்லது தந்த பதில் உங்களுக்கு ஏற்பில்லை என்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் போகலாம். `cms.rbi.org.in` தளத்தில் பதிய வேண்டும், கட்டணம் இல்லை, வழக்கறிஞரும் தேவையில்லை. 14448 என்ற எண்ணில் கூப்பிட்டால் எப்படிப் பதிவது என்று சொல்வார்கள். முதலில் வங்கியிடம் எழுத்தில் கேட்டிருக்க வேண்டும், அந்தப் புகாரின் நகல் கையில் இருக்க வேண்டும். நேரில் போய் வாயால் சொன்னது இங்கே கணக்கில் வராது. கிளையில் தாளில் கொடுத்தால் நகலில் முத்திரையும் தேதியும் வாங்கிக்கொள்ளுங்கள்.

## பணத்தைக் கட்டும் முன்

சிலருக்கு வாதாட நேரமில்லை, 205 ரூபாயைக் கட்டி முடித்துவிடலாம் என்று தோன்றும். அதில் தவறில்லை. ஆனால் 205ஐ மட்டும் போட்டால் கணக்கு 0க்கு வரும், அவ்வளவுதான். அடுத்த மாதம் சராசரி மறுபடி 5,000க்குக் கீழே, மறுபடி 354. ஓட்டைக் குடத்தில் தண்ணீர் ஊற்றுவது போல. அதனால் பாக்கியைத் தீர்க்கும் அன்றே கணக்கை என்ன செய்வது என்பதையும் முடிவு செய்ய வேண்டும்.

கணக்கு வேண்டும், ஆனால் இருப்பு வைக்க முடியாது என்றால், அதை அடிப்படை சேமிப்புக் கணக்காக மாற்றித் தரச் சொல்லலாம். இதில் குறைந்தபட்ச இருப்பு என்பதே கிடையாது, ஏ.டி.எம். கார்டுக்கு ஆண்டுக் கட்டணமும் கிடையாது. மாதம் குறைந்தது நான்கு முறை கட்டணமில்லாமல் பணம் எடுக்கலாம். எல்லா வங்கிகளும் இந்த வகைக் கணக்கைத் தர வேண்டும், தனியார் வங்கிகளும்கூட. நிபந்தனை இரண்டு: அதே வங்கியில் உங்களுக்கு வேறு சேமிப்புக் கணக்கு இருக்கக் கூடாது, வேறு எந்த வங்கியிலும் இந்த வகைக் கணக்கு இருக்கக் கூடாது. ஜன்தன் கணக்கும் இந்த வகைதான். கவுண்டரில் சிலர் "அது நம்ம பேங்க்ல இல்ல" என்பார்கள். எழுத்தில் கேளுங்கள்.

இல்லையென்றால் வேறு வங்கிக்கு மாறலாம். ஸ்டேட் வங்கி 2020இலேயே எல்லா சேமிப்புக் கணக்குகளுக்கும் இந்த அபராதத்தை நீக்கிவிட்டது. கனரா வங்கி, இந்தியன் வங்கி, பஞ்சாப் நேஷனல் வங்கி, பாங்க் ஆஃப் பரோடா ஆகியவை 2025இல் நீக்கின. சிறப்பு வகைக் கணக்குகளுக்கு விதி வேறாக இருக்கலாம் என்பதால் கேட்டுக்கொள்வது நல்லது.

கணக்கே வேண்டாம் என்றால் மூடிவிடுங்கள். லியன் இருக்கும்வரை வங்கி கணக்கை மூடாது, ஆகவே பாக்கி முதலில் 0 ஆக வேண்டும். மாதம் முடிவதற்குள் மூடும் விண்ணப்பத்தைக் கொடுத்தால் இன்னொரு அபராதம் விழுவதைத் தவிர்க்கலாம். ஓராண்டு கடந்த கணக்கை மூடப் பல வங்கிகள் கட்டணம் வாங்குவதில்லை.

என் தம்பி மூடத்தான் முடிவு செய்தான். அதற்கு முன் காப்பீட்டு நிறுவனத்தில் பிரீமியத்தைப் புதுக் கணக்குக்கு மாற்றினான், யு.பி.ஐ.யில் மொபைல் எண்ணின் முதன்மைக் கணக்கை மாற்றினான், ஆதாரோடு இணைந்திருப்பது எந்தக் கணக்கு என்று பார்த்தான். மானியமும் அரசு உதவித்தொகையும் பெரும்பாலும் ஆதாரோடு இணைந்த கணக்குக்குத்தான் வரும். கையில் வந்த 410 ரூபாயை எடுத்துக்கொண்டு, செக் புத்தகத்தையும் கார்டையும் கொடுத்து, கணக்கு மூடப்பட்டது என்ற கடிதத்தைக் கேட்டு வாங்கினான். அந்தக் கடிதத்தில் நிலுவை இல்லை என்ற வரி முதலில் இல்லை. திரும்பப் போய் அதைச் சேர்த்து எழுதி வாங்கிய பிறகுதான் வீட்டுக்கு வந்தான்.